கறுப்புத் தகடும் வெள்ளிப் பாயும்

இன்சாட் வரிசையில் தொடக்க காலத்தில் ஏவப்பட்ட செயற்கைக்கோள்களின் படத்தை உற்றுப் பார்த்தால் ஒரு கோணல் தெரியும். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் என்றதும் நம் மனத்தில் எழும் உருவத்துக்கு இரண்டு பக்கமும் சமமான சிறகுகளாகச் சூரியத் தகடுகள் இருக்கும். இன்சாட்டுக்கோ தெற்குப் பக்கம் மட்டும்தான் தகடு. வடக்குப் பக்கத்தில் நீண்ட மெல்லிய சட்டம் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் பளபளப்பான கூம்பு ஒன்று. அதிலிருந்து மின்சாரம் வராது, சமிக்ஞையும் போகாது. அதன் பெயர் சூரியப் பாய்.

இந்த அமைப்புக்குக் காரணம் வானிலைப் படம் எடுக்கும் கருவி. மேகங்களை அகச்சிவப்புக் கதிரில் பார்க்கும் அதன் உணரியைச் சுமார் மைனஸ் 170 டிகிரி செல்சியஸ் குளிரில் வைத்திருக்க வேண்டும். அதற்காக வடக்கு முகத்தில் ஒரு குளிர்விக்கும் தட்டு, இருண்ட விண்வெளியைப் பார்த்தபடி வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். அந்தப் பக்கத்தில் பெரிய சூரியத் தகட்டை நிறுத்தினால், சூடான தகட்டின் வெப்பம் குளிர்விக்கும் தட்டின் மேலேயே விழும். எனவே தகடு முழுவதையும் தெற்கே தள்ளிவிட்டார்கள்.

தள்ளியதும் வேறொரு சிக்கல் முளைத்தது. சூரிய ஒளி, தான் விழும் பொருளைத் தள்ளுகிறது. ஒரு பக்கம் மட்டும் தகடு இருந்தால் அந்தப் பக்கம் மட்டும் தள்ளப்பட்டு, செயற்கைக்கோள் மெல்லத் திரும்பத் தொடங்கும். அதைச் சமன் செய்யத்தான் எதிர்ப்புறத்தில் பாய். 1982 ஏப்ரல் 10 அன்று ஏவப்பட்ட இன்சாட்-1ஏ செயற்கைக்கோளில் இந்தப் பாய் விரியவில்லை. வேறு கோளாறுகளும் சேர்ந்துகொண்டன. நிலைப்பாட்டைக் காக்கும் எரிபொருள் தீர்ந்துபோய், அதே ஆண்டு செப்டம்பரில் அது கைவிடப்பட்டது.

அந்தப் பாய் தகட்டைவிட மிகச் சிறியது. சிறிய பாய் பெரிய தகட்டுக்கு ஈடுகொடுப்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நீண்ட சட்டம் தரும் நெம்புகோல் பலன். மற்றது, தகடு கறுப்பு, பாய் கண்ணாடி. ஒளியை விழுங்கும் பரப்பைவிட, ஒளியைத் திருப்பியனுப்பும் பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு தள்ளப்படுகிறது.

கேட்டவுடன் பலருக்கும் இது தலைகீழாகத் தோன்றும். கறுப்புப் பரப்பு ஒளியின் ஆற்றலை முழுவதும் வாங்கிக்கொண்டு சூடாகிறது. கண்ணாடியோ வந்ததை வந்தபடியே திருப்பிவிடுகிறது. அதிகம் வாங்கியவன் அல்லவா அதிகம் தள்ளப்பட வேண்டும்? இந்தக் கேள்வியில் ஆற்றலையும் உந்தத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு.

ஒளிக்கு நிறை கிடையாது. ஆனால் உந்தம் உண்டு. மின்காந்தக் கோட்பாட்டை வகுத்த ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒளி அழுத்தம் கொடுக்கும் என்பதை 1873-இல் எழுதிவிட்டார். ஒரு கற்றையின் ஆற்றலை ஒளியின் வேகத்தால் வகுத்தால் அதன் உந்தம் கிடைக்கும். உந்தத்துக்குத் திசை உண்டு என்பதுதான் இங்கே முக்கியம். கற்றை வலப்பக்கமாக 1 பங்கு உந்தத்தோடு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கறுப்புத் தகடு அதை விழுங்கிவிட்டால் ஒளி அங்கேயே முடிந்துபோகிறது. அதன் 1 பங்கு தகட்டுக்குச் சேர்கிறது. கண்ணாடியில் பட்டால் ஒளி இடப்பக்கமாகத் திரும்பிப் போகிறது. அதாவது அதன் உந்தம் இப்போது கழித்தல் 1. மொத்தம் மாறாமல் 1 ஆகவே இருக்க வேண்டுமானால் கண்ணாடிக்குக் கூட்டல் 2 வந்தாக வேண்டும். வந்த ஒளியை நிறுத்த ஒரு பங்கு, எதிர்த்திசையில் கிளப்பிவிட இன்னொரு பங்கு.

ஆற்றலுக்குத் திசை இல்லை. அதனால் ஓய்வில் இருக்கும் கண்ணாடி, ஆற்றல் எதையும் வைத்துக்கொள்ளாமலேயே இரண்டு பங்கு உந்தத்தைப் பெற முடிகிறது. கண்ணாடி நகரத் தொடங்கிவிட்டால் அதன் இயக்க ஆற்றல் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்கள் சரியான இடத்தில்தான் கை வைக்கிறார்கள். விலகிப் போகும் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளியின் நிறம் சற்றே சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கும். அந்த அளவுக்கு ஆற்றலை அது இழந்திருக்கும். கண்ணாடி விநாடிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் ஒளிமூலத்தைவிட்டு விலகினால், திரும்பும் ஒளி இழப்பது ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. அந்த இழப்புதான் கண்ணாடியின் இயக்க ஆற்றலாகிறது.

இனி எண்களுக்கு வருவோம். பூமி இருக்கும் தொலைவில், சூரியனை நேராகப் பார்க்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் விநாடிக்குச் சுமார் 1361 ஜூல் ஆற்றல் விழுகிறது. இதை I என்று குறிப்போம். ஒளியின் வேகம் c, விநாடிக்கு 30 கோடி மீட்டர். பரப்பு முழுக்க விழுங்கினால் அழுத்தம்

P = I/c = 1361 / 300000000 = 0.00000454 N/m²

பரப்பு முழுக்கத் திருப்பினால்

P = 2I/c = 0.00000908 N/m²

நியூட்டனில் பத்து லட்சத்தில் ஒரு பங்கை மைக்ரோநியூட்டன் என்பார்கள். அந்த அலகில் சொன்னால் சதுர மீட்டருக்குக் கறுப்பு 4.54, கண்ணாடி 9.08. நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம் இந்த முதல் எண்ணைப் போல ஏறத்தாழ இரண்டாயிரத்து இருநூறு கோடி மடங்கு. தரையில் நின்று பார்க்கும் நமக்கு ஒளியின் தள்ளல் ஏன் தட்டுப்படுவதில்லை என்பதற்கு இதுவே போதுமான பதில்.

இன்சாட் போன்ற ஒரு கோளுக்கு இந்த எண்களைப் பொருத்திப் பார்ப்போம். கணக்கு எளிதாக வரும்படி நானே அளவுகளை எடுத்துக்கொள்கிறேன். எந்தவொரு குறிப்பிட்ட கோளின் அளவுகளும் அல்ல. தெற்கே 20 சதுர மீட்டர் சூரியத் தகடு. அதன் நடுப்புள்ளி கோளின் நிறைமையத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் இருக்கிறது. தகடு ஒளியை முழுக்க விழுங்குகிறது என்று இப்போதைக்குக் கொள்வோம். அதன் மேல் விசை 20 × 4.54, அதாவது ஏறத்தாழ 91 மைக்ரோநியூட்டன். பூமியில் பாதி அரிசி மணியின் எடைதான் இது. இதை 4 மீட்டரால் பெருக்கினால் திருப்பு விசை 0.000363 நியூட்டன்-மீட்டர்.

இவ்வளவுதானா என்று விட்டுவிட முடியாது. விண்வெளியில் உராய்வு இல்லை. கோள் பூமியைச் சுற்றினாலும், தகடு தெற்கிலும் சூரியன் ஒரே பக்கத்திலுமாக இருப்பதால் இந்தத் திருப்பல் நாள் முழுவதும் ஏறத்தாழ ஒரே திசையில்தான் சேர்ந்துகொண்டே போகிறது. ஒரு நாளைக்கு 86,400 விநாடி. பெருக்கினால் 31 அலகு கோண உந்தம். கோளின் உள்ளே சுழலும் சக்கரங்கள் தம் சுழற்சியை மாற்றிக்கொண்டு இதை ஏந்திக்கொள்ளும். ஆனால் 50 அலகு தாங்கும் சக்கரம் இரண்டு நாள் முடிவதற்குள் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு எரிபொருளைச் செலவழித்துத்தான் இறக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டிய கோளுக்கு இது கட்டுபடியாகாது.

வடக்கே 5 சதுர மீட்டர் கண்ணாடிப் பாயை 8 மீட்டர் தொலைவில் நிறுத்தினால் என்ன ஆகும்? விசை 5 × 9.08, அதாவது 45.4 மைக்ரோநியூட்டன். அதை 8 மீட்டரால் பெருக்கினால் அதே 0.000363. இரு பக்கமும் சமம். பரப்பில் நான்கில் ஒரு பங்குள்ள பாய், இரண்டு மடங்கு தொலைவையும் இரண்டு மடங்கு தள்ளலையும் வைத்துத் தகட்டைச் சமன் செய்துவிட்டது. இதே பாய்க்குக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தால் அதன் பரப்பை 10 சதுர மீட்டராக்க வேண்டும், அல்லது சட்டத்தை 16 மீட்டருக்கு நீட்ட வேண்டும்.

உலகில் முழுக் கறுப்பும் இல்லை, முழுக் கண்ணாடியும் இல்லை. பரப்பில் விழும் ஒளியில் R பங்கு கண்ணாடியில் திரும்புவதுபோல் திரும்பினால் அழுத்தம் (1 + R) I/c. சூரியத் தகடு 15 விழுக்காட்டைத் திருப்புகிறது என்றால் அதன் எண் 1 அல்ல, 1.15. அலுமினியப் பூச்சுள்ள பாய் 90 விழுக்காட்டைத் திருப்புகிறது என்றால் அதன் எண் 2 அல்ல, 1.9. சிறிய திருத்தம் போலத் தெரியும். ஆனால் பிழைகள் இரண்டும் ஒரே பக்கம் சேர்கின்றன. தகடு நினைத்ததைவிடப் பலமாகவும் பாய் நினைத்ததைவிடப் பலவீனமாகவும் தள்ளப்படுகிறது. தகட்டின் பக்கம் 20 × 4 × 1.15, அதாவது 92. பாயின் பக்கம் 5 × 8 × 1.9, அதாவது 76. ஆறில் ஒரு பங்குக்கு மேல் சமனின்மை; நாளுக்கு 6 அலகுக்கு மேல் கோண உந்தம் சேர்ந்துகொண்டிருக்கும். சட்டத்தை 9.7 மீட்டருக்கு நீட்டினால்தான் தராசு நேராகும். கறுப்புக்கு ஒன்று, கண்ணாடிக்கு இரண்டு என்ற பாடப்புத்தக விதியை அப்படியே நம்பிச் சட்டத்தை வெட்டுபவர் ஒன்றரை மீட்டருக்கு மேல் தவறிவிடுவார்.

கறுப்புப் பரப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். விழுங்கிய ஆற்றல் வெப்பமாகி, மறுபடி அகச்சிவப்புக் கதிராக வெளியேறுகிறது. அதுவும் ஒளிதான், அதற்கும் உந்தம் உண்டு. மெல்லிய தகட்டின் இரு முகமும் ஒரே வெப்பநிலையில் ஒரே மாதிரி உமிழ்ந்தால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எண் 1-லேயே நிற்கும். பின்முகத்தை வெப்பம் கடத்தாதபடி மூடிவிட்டால் எல்லா வெப்பமும் முன்பக்கமாகவே வெளியேறும். அப்போது கூடுதலாக மூன்றில் இரண்டு பங்கு தள்ளல் சேர்ந்து, கறுப்பின் எண் 1.67 வரை ஏறிவிடும். ஒரு பரப்பின் முன்முகத்து நிறத்தைப் பார்த்து மட்டும் அதன் மேல் விழும் அழுத்தத்தைச் சொல்லிவிட முடியாது.

சரி, ஒளிதான் தள்ளுகிறது என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டின் அறிவியலாளர்களை நன்றாகவே அலைக்கழித்தது. வில்லியம் குரூக்ஸ் 1870-களில் ஒரு கருவி செய்தார். காற்று பெருமளவு நீக்கப்பட்ட கண்ணாடிக் குமிழுக்குள், ஊசி முனையில் நான்கு சிறு தகடுகள். ஒவ்வொன்றின் ஒரு முகம் கறுப்பு, மறு முகம் வெள்ளி. வெயிலில் வைத்தால் சுற்றும். அறிவியல் பொருட்கள் விற்கும் கடைகளில் இன்றும் கிடைக்கிறது. ஒளியின் அழுத்தத்துக்குச் சான்று என்று சொல்லியே பலரும் இதைக் காட்டுகிறார்கள். அது தவறு, தவறு என்பதை அதன் சுழற்சியே சொல்கிறது. ஒளியின் அழுத்தம்தான் சுழற்றுகிறது என்றால் இரண்டு பங்கு வாங்கும் வெள்ளி முகம் பின்வாங்க வேண்டும். குமிழில் பின்வாங்குவதோ கறுப்பு முகம். கறுப்பு முகம் அதிகம் சூடாகி, குமிழில் மிச்சமிருக்கும் காற்றின் மூலக்கூறுகள் தகட்டை, குறிப்பாக அதன் விளிம்புகளில், தள்ளுவதே காரணம். ஒரு சதுர சென்டிமீட்டர் தகட்டில் வெயில் தரும் அழுத்தத்தில் கறுப்புக்கும் வெள்ளிக்கும் உள்ள வேறுபாடு ஒரு மைக்ரோநியூட்டனில் இரண்டாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. சூடான காற்றின் தள்ளல் அதை எளிதில் மூழ்கடித்துவிடும்.

1876-இல் ஆர்தர் ஷூஸ்டர் இதை அழகாகச் சோதித்தார். கருவியின் குமிழையே நூலில் தொங்கவிட்டு, உள்ளே ஒளி பாய்ச்சினார். தகடுகள் ஒரு பக்கம் சுழலக் கிளம்பியபோது குமிழ் எதிர்ப்பக்கம் திரும்பியது. தள்ளுவது வெளியிலிருந்து வரும் ஒளியாக இருந்தால் குமிழ் எதிர்த்திசையில் திரும்ப வேண்டிய காரணமே இல்லை. விசை உள்ளேயே, தகட்டுக்கும் வாயுவுக்கும் இடையில் பிறக்கிறது என்பது தெளிவாயிற்று.

உண்மையான தள்ளலை அளந்து காட்டியவர் மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் பியோத்தர் லெபெதெவ். வாயுவின் குறுக்கீட்டைத் தவிர்ப்பதே அவருடைய உழைப்பில் பெரும்பகுதி. தகட்டின் முன்முகம் பின்முகத்தைவிடச் சூடாக இருந்தால்தான் வாயு தள்ளும். எனவே மிக மெல்லிய உலோகத் தகடுகளை எடுத்துக்கொண்டார். வெப்பம் உடனே ஊடுருவி இரு முகமும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலைக்கு வந்துவிடும். குமிழைப் பெரிதாக்கினார், காற்றை இயன்ற மட்டும் வெளியேற்றினார், ஒளியை முன்பக்கமும் பின்பக்கமும் மாற்றி மாற்றிப் பாய்ச்சினார். பளபளப்பான தகடும் கறுப்பாக்கிய தகடும் நூலை முறுக்கும் அளவை ஒப்பிட்டார். பளபளப்பான தகடு ஏறத்தாழ இரண்டு மடங்கு தள்ளப்பட்டது. 1900-இல் பாரிஸ் மாநாட்டில் அறிவித்து, அடுத்த ஆண்டு விரிவாக வெளியிட்டார். அதே காலத்தில் அமெரிக்காவில் நிக்கல்ஸும் ஹல்லும் தனியாக அளந்து அதே முடிவுக்கு வந்தார்கள். இந்தச் சோதனையில் எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு தகடுகளின் ஒப்பீடே சாட்சியாக நிற்பதுதான். வாயுவின் தள்ளல் கறுப்பைப் பலமாகத் தள்ளும். ஒளியின் தள்ளல் கண்ணாடியைப் பலமாகத் தள்ளும். எது ஜெயிக்கிறது என்று பார்த்தாலே எந்த விசை வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒளி நேர்க்குத்தாக விழும்போது. பரப்பைச் சாய்த்தால் கதை மாறுகிறது. கறுப்பின் மேல் விசை எப்போதும் ஒளி போகும் திசையில்தான்; சாய்க்கச் சாய்க்கப் பரப்பு பிடிக்கும் ஒளி குறைவதால் விசை cosθ அளவில் குறையும். கண்ணாடியின் மேல் விசை பரப்புக்குச் செங்குத்தாகத்தான் இருக்கும். ஒளி பரப்பை ஒட்டிச் செல்லும் பகுதியின் உந்தம் மாறாமலேயே தொடர்ந்து போய்விடுவதால் விசை 2cos²θ அளவில் குறையும். 60 டிகிரி சாய்வில் cosθ அரை. கறுப்புக்கு 0.5. கண்ணாடிக்கு 2 × 0.25, அதுவும் 0.5. இரண்டு மடங்கு என்ற வேறுபாடே அங்கே மறைந்துவிடுகிறது. அதற்கு மேலும் சாய்த்தால் கறுப்புதான் அதிகம் தள்ளப்படும்.

ஆனால் அளவைவிடத் திசைதான் பெரிய விஷயம். ஜப்பானின் இகாரோஸ் விண்கலம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2010 மே 21 அன்று அகாட்சுகி என்ற வெள்ளிக்கோள் ஆய்வுக்கலத்தோடு ஏவப்பட்டு, ஜூன் மாதத்தில் 14 மீட்டர் பக்கமுள்ள சதுரப் பாயை விரித்தது. பாயின் தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழரைப் பங்கு. அலுமினியம் பூசிய பாலிஇமைடுத் தாள். 196 சதுர மீட்டர் பரப்பு. பூமியின் தொலைவில் சூரியனை நேராகப் பார்த்தால் முழுக் கறுப்புப் பாய்க்கு 0.89 மில்லிநியூட்டன், முழுக் கண்ணாடிப் பாய்க்கு 1.78. கலத்தின் வேகத்தை ரேடியோ அலைகளால் கண்காணித்து ஜப்பானியர் அளந்த தள்ளல் 1.12. இரண்டு எல்லைகளுக்கும் நடுவே அது விழுகிறது. பாயின் ஒரு பகுதியில் சூரிய மின்கலங்கள் ஒட்டப்பட்டிருந்தன. தாளில் சுருக்கங்கள் இருக்கும். சூரியனை நோக்கிய சாய்வும் தொலைவும் உண்டு. எல்லாம் சேர்ந்து 1.78-ஐக் கீழே இழுக்கின்றன. சுமார் 310 கிலோ எடையுள்ள கலத்துக்கு 1.12 மில்லிநியூட்டன் ஒரு நாளில் தருவது விநாடிக்கு 31 சென்டிமீட்டர் வேகம். நூறு நாள் அதே அளவில் தள்ளினால் மணிக்கு 112 கிலோமீட்டர் வேக மாற்றம் கிடைக்கும், எரிபொருள் ஒரு துளியும் இல்லாமல்.

இதே பாயை 35 டிகிரி சாய்த்துப் பார்ப்போம். முழுக் கண்ணாடியாக இருந்தால் 1.19 மில்லிநியூட்டன் விசை பரப்புக்குச் செங்குத்தாகக் கிடைக்கும். அதில் சூரியக் கதிருக்குக் குறுக்காக, அதாவது சுற்றுப்பாதையின் போக்கில் அல்லது அதற்கு எதிராக, 0.68 மில்லிநியூட்டன் கிடைக்கிறது. இந்தக் குறுக்கு விசைதான் பாய்மரக் கலத்தின் உயிர். சூரியனைச் சுற்றும் வேகத்தைக் கூட்டினால் கலம் வெளிப்புறம் விலகும். குறைத்தால் சூரியனை நோக்கி உள்ளே இறங்கும். சூரிய ஒளியாலேயே சூரியன் பக்கம் போக முடிகிறது. கறுப்புப் பாயை அதே 35 டிகிரி சாய்த்தால் 0.73 மில்லிநியூட்டன் கிடைக்கும். மோசமில்லை, ஆனால் அது முழுவதும் சூரியனைவிட்டு விலகும் திசையில். குறுக்காக ஒன்றுமே இல்லை. எப்படிச் சாய்த்தாலும் கறுப்புப் பாய்க்குச் சுக்கான் கிடையாது. விண்கலப் பாய்கள் கண்ணாடியாக இருப்பதற்கு இரண்டு மடங்கு தள்ளலைவிட இதுவே வலுவான காரணம் என்பது என் கருத்து.

பாயைச் சாய்ப்பதற்கும் இகாரோஸ் ஒளியையே பயன்படுத்திக்கொண்டது. விளிம்புகளில் திரவப் படிகப் பட்டைகள் வைத்திருந்தார்கள். மின்சாரம் பாய்ந்தால் பட்டை கண்ணாடி போல ஒளியைத் திருப்பும். நிறுத்தினால் ஒளியைப் பல திசைகளிலும் சிதறடிக்கும். சிதறிய ஒளி முழுக்க நேரெதிராகத் திரும்பாததால் அங்கே தள்ளல் குறையும். எல்லாத் திசையிலும் சீராகச் சிதறும் வெண்பரப்புக்கு எண் 2 அல்ல, 1.67. கலம் மெல்லத் தற்சுழன்றுகொண்டிருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் வரும்போது பட்டைகளை எரியவிட்டு, மறு பக்கம் வரும்போது அணைத்தால், பாயின் ஒரு ஓரம் மறு ஓரத்தைவிடச் சற்றே அதிகமாகத் தள்ளப்பட்டு, கலம் சிறிது சிறிதாகச் சாய்ந்தது.

இகாரோஸை வெள்ளிக்கோளின் பாதையில் ஏற்றிவிட்டது ராக்கெட். பாதையைப் பாயின் தள்ளலால் மாற்ற முடியும் என்று காட்டுவதே அதன் வேலை. 2010 டிசம்பர் 8 அன்று வெள்ளிக்கோளிலிருந்து 80,800 கிலோமீட்டர் தொலைவில் அது கடந்து சென்றது.